பாமினி இல்லாமல் திரும்பி வரும் கோப்புகள்

வேலணையில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்யும் கடைக்காரர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "கடை லப்டொப்பில் வன்டிரைவ் போட்டிருக்கிறேன். எல்லாம் தானாக மேலே போகிறது. அது காணாது, முழுக் கொம்பியூட்டரையும் பக்கப் எடுக்கிற சேவைக்கும் காசு கட்டு என்று வெளிநாட்டில் இருக்கிற தம்பி சொல்கிறான். இரண்டும் ஒன்றுதானே?"

ஒன்றல்ல. வன்டிரைவ், கூகிள் டிரைவ், டிரொப்பொக்ஸ் ஆகியவை செய்வது ஒத்திசைவு. கடையில் உள்ள கோப்புறையும் மேலே சேர்வரில் உள்ள கோப்புறையும் எந்நேரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. உதவிக்கு நிற்கிற பெடியன் போன மாதத்து மரண அறிவித்தலைத் திறந்து, அதற்கு மேலேயே புது அறிவித்தலை அடித்துச் சேமித்துவிட்டால், சற்று நேரத்தில் மேலேயும் புதியதுதான் இருக்கும். பழைய பதிப்பும் அழித்த கோப்பும் கொஞ்சக் காலம் கிடைக்கும். வன்டிரைவின் தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாள் குப்பைக்கூடையில் கிடக்கும். ஆனால் ஆண்டுத் திவசத்துக்கு அந்த அறிவித்தலைக் கேட்டு வருகிறவர் ஒரு வருடம் கழித்துத்தானே வருவார்?

முழுக்கணினிச் சேவை ஒருவழிப் போக்கு. பக்பிளேஸ் அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பிரதி எடுத்தார்கள். நொத்தாரிசு உறுதி முடித்த கையோடு ஒரு பிரதி அங்கே போய்ச் சேர்ந்திருந்ததால்தான் அது முடிந்தது. வீட்டிலிருந்த உறுதியைக் கறையான் தின்றாலும் பதிவகத்துப் பிரதிக்கு ஒன்றும் ஆகாது. பக்கப் சேவையின் குணமும் அதுதான், ஒரு வித்தியாசத்தோடு: அது என்றைக்கும் வைத்திருப்பதில்லை. பக்பிளேஸில் நீங்கள் மாற்றாவிட்டால், அழித்த கோப்பும் பழைய பதிப்பும் 30 நாள்தான் நிற்கும். அமைப்புக்குள் போய் அதை ஒரு வருடமாக்கலாம். வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்து அந்தக் காலம் கடந்துவிட்டாலும், அதிலிருந்தவை பக்கப்பிலிருந்து நீங்கிவிடும். காசு கட்டுகிறவர்களிலேயே பலர் இதைப் பார்ப்பதில்லை.

பிரதி தனியாக நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகிலில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. gov.lk மின்னஞ்சல்கள் பூட்டப்பட்டன. பக்கப்பும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டுப்பட்டது. அமைப்பைத் திரும்ப எழுப்பினார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

இனிக் கடை லப்டொப் கடல் உப்பில் துருப்பிடித்துச் செத்துவிட்டது, புதியது வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 120 ஜிகாபைற் வேலை மேலே இருக்கிறது. அதை மேலே ஏற்ற, நொடிக்கு 2 மெகாபிற் போகும் 4ஜி ரவுட்டரில் இடைவிடாமல் ஐந்தரை நாள் ஆகியிருக்கும். இறக்க, 10 மெகாபிற் வேகத்தில் ஏறத்தாழ 27 மணி நேரம். டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருக்கும் இடத்தில் கரண்ட் நின்றால் பிரவுசரில் இறங்கிக்கொண்டிருந்த பெரிய சிப் கோப்பு பழுதாகிவிடலாம். ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடரும், சேவையின் சொந்த இறக்கியைப் பயன்படுத்துங்கள். பக்பிளேஸில், ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அமெரிக்காவிலிருந்து அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பினால்தான் வைப்புப்பணம் மீளும். சுங்கம் தாண்டி, குறிகட்டுவானில் படகேறி வந்து திரும்பிப் போக அந்தக் காலம் காணாது.

புது லப்டொப்பில் மைக்ரோசொப்ட் கணக்கைப் போட்டதும் வன்டிரைவ் தானாக எழும்பும். அதை முதலில் இடைநிறுத்துங்கள். பிறகு பக்கப் சேவையின் தளத்துக்குப் போய், லப்டொப் செத்த நாளை அல்ல, எல்லாம் ஒழுங்காக இருந்த கடைசி நாளைத் தெரிவு செய்யுங்கள். முதலில் இந்த வார வேலையை மட்டும் சிறு பொதியாக இறக்கினால் மறுநாளே கடை திறக்கலாம். பழைய படங்கள் இரவில் இறங்கட்டும்.

இந்த இடத்தில்தான் சிலருக்கு நெஞ்சு திக்கென்னும். கோப்புறைகள் எல்லாம் இருக்கும், உள்ளே பார்த்தால் சில கோப்புகள் இருக்காது. வன்டிரைவ் இடத்தை மிச்சப்படுத்த, கோப்பை மேலே வைத்துக்கொண்டு லப்டொப்பில் பெயரை மட்டும் விட்டுவைக்கும். பெயருக்குப் பக்கத்தில் சின்ன முகில் படம் தெரிவது அதற்குத்தான். டிஸ்க்கில் இல்லாத ஒன்றைப் பக்கப் சேவையால் எடுக்க முடியாது. அதனால் அந்தக் கோப்பு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில், வன்டிரைவில் மட்டும் இருக்கிறது. வலது சொடுக்கில் Always keep on this device என்பதைத் தெரிவு செய்து வைத்தால் கோப்பு லப்டொப்பிலும் முழுதாக இருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய விசித்திரமாகப் படுவது வேறொன்று. எல்லாம் இறங்கி முடிந்து, கோயில் திருவிழா நோட்டீஸைத் திறக்கிறீர்கள். "தமிழ்" இருந்த இடத்தில் jkpo; என்று நிற்கிறது. பக்கம் முழுக்க இப்படியே. கோப்பு பழுதாகவில்லை, ஒரு எழுத்தும் மாறவில்லை. எங்கள் தட்டச்சுக் கடைகள் நெடுங்காலமாகப் பாமினியில் அடிக்கின்றன. பாமினியில் அடித்த கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். j என்ற இடத்தில் 'த' என்று வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு பெரும்பாலும் C:\Windows\Fonts என்ற கோப்புறையில் இருக்கும். முழுக்கணினிச் சேவை என்று பெயர் இருந்தாலும் விண்டோஸ் கோப்புறையையும் நிறுவிய மென்பொருள்களையும் அது எடுப்பதில்லை. அவற்றைத் திரும்ப நிறுவலாம் என்பது அதன் கணக்கு. வேர்ட், போட்டோஷொப்புக்கு அந்தக் கணக்குச் சரி. யாரோ எப்போதோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட பாமினி வகையொன்றை எங்கே போய் நிறுவுவது? சாதாரணப் பாமினி இணையத்தில் கிடைக்கும். அதே விசைமுறையில் வந்த அலங்கார எழுத்துருக்கள் பல கிடைப்பதில்லை. வேறொரு எழுத்துருவைப் போட்டால் எழுத்து தமிழாகும், ஆனால் வரிகள் உடைந்து, எட்டுப் பக்க மலர் ஒன்பதாகிவிடும்.

பரிகாரம் மிகச் சிறியது. எழுத்துருக் கோப்புகளைப் பிரதி எடுத்து, பக்கப் எடுக்கப்படும் கோப்புறை ஒன்றுக்குள் போட்டுவிட்டால் அவையும் பக்கப்பில் போய்விடும். அத்தோடு, முடிந்த வேலை ஒவ்வொன்றையும் எழுத்துரு பதித்த பிடிஎப் ஆகவும் சேமியுங்கள். தீவகத்துத் தட்டச்சுக் கடைகளில் கிடப்பவை வெறும் கடைக் கோப்புகள் அல்ல. முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்ட நினைவு மலர்களில் மூன்று நாலு தலைமுறையின் பெயர்களும் யார் யாருக்கு என்ன முறை என்பதும் இருக்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் நாளைக்கு அதைத்தான் தேடி வருவார்கள். மலர் அடித்துக் காசு வாங்கியதும் கோப்பை மறந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக ஒரு வரிசை. கோப்புகள் எல்லாம் பழைய இடங்களில் வந்து சேர்ந்து, பழையது ஒன்றைத் திறந்து தமிழில் வாசித்த பிறகே புது லப்டொப்பில் பக்கப் மென்பொருளை நிறுவுங்கள். பக்பிளேஸில் Inherit Backup State என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பழைய லப்டொப்பின் பக்கப்பைப் புதியது பொறுப்பெடுக்கும். மேலே ஏற்கெனவே இருப்பவற்றை அடையாளம் கண்டு, மறுபடி ஐந்தரை நாள் ஏற்றாமல் விட்டுவிடும். கோப்புகள் வருமுன்னரே அவசரப்பட்டு அழுத்தினால், லப்டொப்பில் இல்லாதவை எல்லாம் நீங்கள் அழித்தவை என்று அது எடுத்துக்கொள்ளும். 30 நாள் கணக்கு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும்.