தட்டம்மை ஊசி: இரண்டாவது தவணை யாருக்காக?

தட்டம்மைத் தடுப்பூசி இந்தியாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு தவணையாகப் போடப்படுகிறது. முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், 12 மாதத்துக்குள். இரண்டாவது தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். ரூபெல்லா என்னும் இன்னொரு நோய்க்கான மருந்தும் அதே ஊசியில் இருப்பதால், தடுப்பூசி அட்டையில் இதை எம்.ஆர்.-1, எம்.ஆர்.-2 என்று குறிக்கிறார்கள்.

முதல் தவணைக்குப் பெரும்பாலான வீடுகளிலிருந்து வந்துவிடுகிறார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு ஊசி எதுவும் இருப்பதில்லை. அதற்குள் குழந்தை நடக்கத் தொடங்கிவிடும். அம்மா வேலைக்குத் திரும்பிவிடுவார். சில குடும்பங்கள் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போய்விடும். விட்டுப்போன குழந்தைகளின் பெற்றோருக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் ஆள் சொல்லி விட்டாலும் கடிதம் எழுதி அனுப்பினாலும், திரும்பி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அதான் ஒம்போது மாசத்துலயே போட்டாச்சே நர்ஸம்மா, மறுபடியும் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். முதல் ஊசியின் பலம் குறைந்துவிடும், அதைக் கூட்டத்தான் இரண்டாவது ஊசி என்று பலரும் நினைக்கிறார்கள். தட்டம்மையில் காரணம் வேறு. முதல் தவணை பலித்த குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். முதல் தவணை பலிக்காமல் போன குழந்தைகளைப் பிடிப்பதற்காகவே இரண்டாவது தவணை வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தைகள் யார் யார் என்பது பார்த்தால் தெரியாது.

முதல் தவணை சிலருக்கு ஏன் பலிப்பதில்லை?

தாய்க்குத் தட்டம்மை எதிர்ப்புச் சக்தி இருந்தால், அதில் ஒரு பங்கு கர்ப்பத்திலேயே குழந்தைக்கு வந்துவிடுகிறது. பிறந்த பிறகு சில மாதங்கள் குழந்தையைக் காப்பது அதுதான். மாதம் ஏற ஏற அது கரைந்துபோகும். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. ஒரு குழந்தைக்கு ஆறாவது மாதத்திலேயே தீர்ந்துவிடலாம்; இன்னொன்றுக்குப் பத்தாவது மாதத்திலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.

தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள தட்டம்மைக் கிருமி. அது உடலுக்குள் சிறிது பெருகினால்தான் குழந்தையின் உடல் அதை அடையாளம் கண்டு சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். தாயிடமிருந்து வந்தது மிஞ்சியிருந்தால், ஊசியில் போன கிருமியை அது முந்திக்கொண்டு அழித்துவிடுகிறது. குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று, அட்டையிலும் பதிந்தாயிற்று. பாதுகாப்பு மட்டும் உண்டாகவில்லை. வெயிலோ வெளிச்சமோ பட்டு மருந்து வீரியம் இழந்திருந்தாலும் இதே கதைதான்.

அப்படியென்றால் முதல் ஊசியையே ஒரு வயதுக்குப் பிறகு போடலாமே என்று கேட்கலாம். நோய் அரிதாகிவிட்ட நாடுகளில் அப்படித்தான் போடுகிறார்கள். நோய் இன்னும் உலவும் இடத்தில் அதுவரை காத்திருந்தால், தாயின் பாதுகாப்பு தீர்ந்த குழந்தைகள் நடுவிலேயே நோயில் விழுந்துவிடுவார்கள். கைக்குழந்தைகளுக்குத்தான் தட்டம்மை மிகவும் ஆபத்தானது. அதனால் 9 மாதத்திலேயே தொடங்கி, விட்டுப்போனவர்களை இரண்டாவது தவணையில் பிடிக்கிறார்கள்.

நூறு குழந்தைகளின் கணக்கு

9 மாதத்தில் போடும் ஊசி சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பலிக்கிறது. ஒரு வட்டாரத்தில் ஒரே ஆண்டில் பிறந்த 100 குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். நூறு பேருக்கும் ஒருவர் விடாமல் முதல் ஊசி போட்டாலும், பாதுகாப்புப் பெறுவது 85 பேர்தான். மீதி 15 பேர் ஊசி போட்டும் பாதுகாப்பில்லாதவர்கள்.

நூறு பேரும் இரண்டாவது தவணைக்கு வந்தால், அந்த 15 பேரில் சுமார் 14 பேருக்கு இந்த முறை பலித்துவிடும். அந்த வயதில் தாயிடமிருந்து வந்தது முழுக்கத் தீர்ந்திருக்கும் என்பதால் குறுக்கே நிற்க எதுவும் இல்லை. நூறில் ஒருவரோ இருவரோ மட்டும் மிஞ்சுவார்கள்.

யாருமே இரண்டாவது தவணைக்கு வரவில்லையென்றால் ஆண்டுக்கு 15 பேர் பாதுகாப்பில்லாமல் சேர்ந்துகொண்டே போவார்கள். நான்கு ஆண்டில் 60 குழந்தைகள். இவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருப்பதில்லை. ஒரே அங்கன்வாடியில், ஒரே தெருவில், ஒரே திருவிழாக் கூட்டத்தில் இருப்பவர்கள். சில ஆண்டுகள் நோயே வராமல் இருந்து, திடீரென்று ஓர் ஊரில் தட்டம்மை கூட்டமாகக் கிளம்புவதற்கு இப்படிச் சேர்ந்த எண்ணிக்கைதான் காரணம்.

85 சதவீதம் மற்ற நோய்கள் சிலவற்றுக்குப் போதுமானதாக இருக்கலாம். தட்டம்மைக்குப் போதாது. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி, அவர் அந்த அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை தொற்றக்கூடியது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அந்தப் பதினெட்டுப் பேரில் 17 பேர் பாதுகாப்புப் பெற்றிருந்தால்தான் நோய் ஒருவரோடு நின்று அடங்கும். நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்று மருத்துவத் துறை சொல்வது இந்தக் கணக்கால்தான். ஒரே தவணையில் அந்த எண்ணிக்கையை எட்டவே முடியாது.

ஒன்பது மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த 95 சதவீதம்தான் அரண். 2022-ன் இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, பாதிப்புள்ள இடங்களில் 6 மாதக் குழந்தைகளுக்கே ஊசி போட வேண்டிய நிலை வந்தது. அப்படி முன்கூட்டிப் போட்ட ஊசி கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் வழக்கமான இரண்டு தவணையும் போட்டாக வேண்டும்.

வந்தால் என்ன செய்யும்?

கிராமங்களில் மணல்வாரி என்று சொல்லப்படும் இந்த நோய் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு என்று தொடங்கும். மூன்று நான்கு நாளில் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் சிவப்புத் தடிப்பு கிளம்பி, முகம், மார்பு, கை, கால் என்று கீழே இறங்கும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், தெரிந்த பிறகு தனியே வைப்பது பாதிப் பயனையே தரும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தடிப்பு அல்ல, கூடவே வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். உடலில் வைட்டமின் ஏ குறைவாக உள்ள குழந்தைக்குக் கண்பார்வை போகலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சல் வரலாம். தட்டம்மை குணமான பிறகும் ஓர் இழப்பு தொடர்கிறது: முன்பு வந்து போன மற்ற நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியை இந்தக் கிருமி அழித்துவிடுகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு, இந்த இழப்பு 11 முதல் 73 சதவீதம் வரை இருந்ததைக் காட்டியது. தட்டம்மை வந்துபோன குழந்தை அடுத்த பல மாதங்களுக்கு மாற்றி மாற்றி நோயில் விழுவது இதனால்தான்.

ஊசி போடும் இடத்தில்

மருந்து பொடியாகக் குப்பியில் வரும். ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைகளுக்கான அளவு இருக்கும். ஐஸ் பேக் வைத்த பெட்டியிலிருந்து எடுத்து, அதற்குரிய நீரைக் கலந்ததும், செவிலியர் கலந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதிவைக்கிறார். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்ச மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. வேளை தவறி வரும் குழந்தையை "அடுத்த முகாமுக்கு வாங்க" என்று சொல்ல நேர்வது இதனால்தான். வலது மேற்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி மருந்து, ஒரே முறை பயன்படுத்தக்கூடிய சிரிஞ்சில் போடப்படும். கூடவே வைட்டமின் ஏ திரவமும் வாயில் ஊட்டப்படும். ஊசிக்குப் பிறகு குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்வது, அரிதாக வரக்கூடிய ஒவ்வாமையை உடனே கவனிப்பதற்காக.

ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். உள்ளே போன கிருமி பெருகுவதன் அடையாளம் அது. ஓரிரு நாளில் தணியும், மற்றவருக்குப் பரவாது. முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தது என்பதற்காக இரண்டாவதை நிறுத்த வேண்டியதில்லை.

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். எடை குறைந்த குழந்தைக்குக் கட்டாயம் போட வேண்டும். நோய் வந்தால் அதிகம் அவதிப்படுவது அந்தக் குழந்தைதான். "ஏற்கெனவே அம்மை வந்துபோச்சு" என்பதும் காரணமாகாது. தடிப்போடு வரும் காய்ச்சல் எல்லாம் தட்டம்மை அல்ல. உண்மையில் வந்திருந்தாலும் ஊசியால் கெடுதல் இல்லை. முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை கண்ட குழந்தைக்கும், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த குழந்தைக்கும் மட்டும் மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.

தேதி தவறியிருந்தால்

24 மாதம் தாண்டிவிட்டது என்பதால் வாய்ப்பு போய்விடவில்லை. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஐந்து வயது வரை இந்த ஊசி போடப்படுகிறது. முதல் தவணையே போடாத குழந்தைக்கு அதை உடனே போட்டு, குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவதைப் போடலாம். பிழைப்புக்காக வெளியூர் போன குடும்பம் அட்டையைக் கையோடு எடுத்துப் போனால், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

தெருவில் யாருக்காவது தட்டம்மை வந்துவிட்டால், வேப்பிலை கட்டி மூன்று தண்ணீர் ஊற்றும் வரை காத்திராமல் செவிலியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நோய்ப்பட்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நோயாளியோடு பழகிய, ஊசி போடாத குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் அட்டையை எடுத்து எம்.ஆர்.-2 கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத குழந்தைகளை அழைத்துவர வேண்டும்.