எந்த நிலையில் பார்த்த பிரஷர்?

கிளினிக்கில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒரு எண், வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்று. மெஷினைக் குறை சொல்வதற்கு முன், அளக்கும்போது கை எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டை கட்டிய இடம் இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால், அந்த உயரத்து ரத்தத்தின் எடையும் சேர்ந்து அளவு 7, 8 வரை கூடிவிடும். மேலே இருந்தால் அதே அளவு குறையும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் இதைச் சோதித்தார்கள். கையை மேசையில் வைத்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4 கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. படுத்திருக்கும்போதும் மெத்தைமேல் கிடக்கும் கை இதயத்துக்குச் சற்றுத் தாழ்வாகவே இருக்கும். அதனால் கைக்கு அடியில் சிறு தலையணை வேண்டும்.

கையைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் கொஞ்சம் மிஞ்சும். பொதுவாகப் படுத்திருக்கையில் கீழ் அளவு ஏறக்குறைய 5 குறைவாகக் காட்டும். எது உண்மையான அளவு என்று கேட்டால், எல்லாமே உண்மைதான். ஆனால் 140/90 போன்ற எல்லைகள் பெரும்பாலும் உட்கார்ந்து அளந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஆகவே வழக்கமான பரிசோதனைக்கு நாற்காலிதான் சரி. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் இருந்தபின் அளக்க வேண்டும். கால்மேல் கால் போட்டாலே சில எண்கள் ஏறிவிடும். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும்.

நின்று பார்ப்பது வேறு காரியத்துக்கு. எழுந்ததும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்துடிப்பைக் கூட்டிச் சமாளிக்கின்றன. முதுமையிலும், சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்திருந்தாலும், நீர் மாத்திரையோ சில புராஸ்டேட் மாத்திரைகளோ சாப்பிட்டாலும் இந்தச் சமாளிப்பு தாமதமாகலாம்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு உட்கார்ந்து பார்த்தால் 138/82 என்று வைத்துக்கொள்வோம். குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தால் 144/80. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 116/70, மூன்றாவது நிமிடத்தில் 118/72. மேல் அளவு 26 இறங்கியிருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20ஓ கீழ் அளவு 10ஓ இறங்கினாலே மருத்துவர்கள் அதைக் குறைபாடாகக் கணக்கில் எடுப்பார்கள். உட்கார்ந்த எண்ணை மட்டும் பார்த்து இவருக்கு மாத்திரையைக் கூட்டினால் குளியலறையில் விழக்கூடும். அதற்காகத் தானாக நிறுத்தவும் கூடாது. எந்த மாத்திரையை, எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை மருத்துவர் இந்த மூன்று அளவுகளையும் வைத்து முடிவு செய்வார். இந்தச் சோதனையை வீட்டில் செய்தால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். தலை சுற்றினால் மூன்றாவது நிமிடத்துக்குக் காத்திராமல் உட்காரவைத்துவிடுங்கள்.