இரவு 9 மணி மாத்திரை, விடிய விடிய விழிப்பு... உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மருந்தாக இருக்கலாம்!

தி.நகரில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் துணிக்கடைகளுக்கு இணையாக மெடிக்கல் ஷாப்களிலும் கூட்டம் நிற்கும். உஸ்மான் சாலையிலோ பாண்டி பஜாரிலோ ஏதாவது ஒரு மருந்துக் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சளி, மூக்கடைப்பு, இழுப்பு, இருமல் என்று வருகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கடைக்காரர் மாத்திரையை எண்ணி, ஒரு சின்ன காகிதக் கவரில் போட்டு, அதன் மேல் அச்சடித்திருக்கும் 'காலை, மதியம், இரவு' கட்டங்களில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பார். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு.

அந்த இரவுக் கோடு எல்லா மாத்திரைக்கும் பொருந்துமா? பெரும்பாலான மருந்துகளுக்குப் பிரச்னை இல்லை. ஆனால், இரண்டு வகை மருந்துகளுக்கு அது சிக்கல். ஒன்று ஸ்டீராய்டு. இன்னொன்று மூக்கடைப்பைத் திறக்கும் மாத்திரை. மாத்திரை என்றாலே தூக்கம் வரும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இவை இரண்டும் தூக்கத்தை விரட்டும் மருந்துகள்.

காலையில் எழுப்பும் ஹார்மோன்

ஆஸ்துமா, கடுமையான அலர்ஜி, மூட்டுவாதம், சில தோல் நோய்கள் எனப் பலவற்றுக்கும் மருத்துவர்கள் தருவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இதற்கு நெருங்கிய உறவுக்கார ஹார்மோன் ஒன்று நம் உடம்பிலேயே சுரக்கிறது. அதன் பெயர் கார்ட்டிசோல். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் இதைத் தயாரிக்கிறது.

கார்ட்டிசோலுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். பிறகு மெள்ள இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். 'எழுந்திரு' என்று உடம்புக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் இதுவும் ஒன்று.

ஒரு நாள் முழுக்க உடம்பு சுரக்கும் கார்ட்டிசோலின் பலம், ஏறக்குறைய 5 மில்லி கிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். ஆஸ்துமா திடீரென்று அதிகமானால் பெரியவர்களுக்குத் தினமும் 40 மில்லி கிராம் வரை தருவது வழக்கம். அதாவது, உடம்பின் சொந்த அளவைப்போல எட்டு மடங்கு. அதில் பாதியை இரவு 9 மணிக்கு விழுங்கினால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது உச்சத்தை எட்டும். விளக்கை அணைத்துப் படுக்கிற நேரத்தில் உடம்புக்குக் காலை 7 மணி என்ற செய்தி போய்ச் சேரும்.

டெக்ஸாமெத்தசோன் இன்னும் வீரியமானது. கொரோனா காலத்தில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்து இதுதான். அப்போது கொடுக்கப்பட்ட 6 மில்லி கிராம் என்பது 40 மில்லி கிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். இதன் வேலை ஒன்றரை நாளைத் தாண்டியும் நீடிக்கும். அதனால், காலையில் எடுத்தாலும் சிலருக்கு இரவுத் தூக்கம் கெடலாம்.

ஓர் உதாரணம்

58 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆஸ்துமா அதிகமாகி, 5 நாள்களுக்கு பிரெட்னிசோலோன் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத்திரை 20 மில்லி கிராம். சீட்டில் 1-0-1. காலை டிபனுக்குப் பிறகு ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்து 9 மணிக்கு ஒன்று.

முதல் நாளே இழுப்பு குறைகிறது. ஆனால், இரவு 11 மணிக்குப் படுத்தவர் 2 மணி வரை விழித்திருக்கிறார். உடம்பு களைப்பாகவே இல்லை. மனம் பரபரவென்று ஓடுகிறது. பசிக்கிறது. அடுக்களைக்குப் போய் டப்பாக்களை அடுக்கத் தோன்றுகிறது. இரண்டாவது இரவும் அப்படியே. 'வயசானா தூக்கம் குறையத்தான் செய்யும்' என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் ஒரு தூக்க மாத்திரை கிடைக்கிறது.

தவறு இங்கேதான் பெரிதாகிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது வியாதி என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்தைச் சேர்ப்பது. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு நடு இரவில் பாத்ரூமுக்கு எழுந்து, தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து வயதானவர்களுக்கு அதிகம். மூச்சுப் பிரச்னை உள்ளவர்கள் தூக்க மாத்திரையைத் தாங்களாகவே எடுப்பதும் நல்லதல்ல.

இவர் செய்ய வேண்டியது மருத்துவரைப் போனில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பதுதான்: 'ரெண்டு மாத்திரையையும் காலையிலேயே சேர்த்துப் போடலாமா டாக்டர்?' ஆஸ்துமாவுக்கான இந்தக் குறுகிய கால சிகிச்சையில், ஒரு நாள் அளவு மொத்தத்தையும் காலை டிபனுக்குப் பிறகு ஒரே வேளையாகக் கொடுப்பதுதான் பொதுவாக விரும்பப்படும் முறை. மருத்துவர் சம்மதித்தால், மாறும் நாளில் கொஞ்சம் கவனம் தேவை. நேற்று இரவு 9 மணிக்கு ஒரு மாத்திரை உள்ளே போயிருக்கிறது. அதனால், இன்று காலை வழக்கம்போல ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நாளை முதல் இரண்டும் காலையில் என்று அவர் மாற்றித் தரலாம். மொத்த அளவு அதேதான். நேரம் மட்டுமே மாறுகிறது. மருந்துதான் காரணம் என்றால், பலருக்கும் ஓரிரு நாள்களில் வித்தியாசம் தெரியும்.

இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், இரண்டாவது வேளையை மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம்.

காலையில் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இரவில் ஸ்டீராய்டு போட்டால், விடியற்காலையில் உடம்பு தானாகக் கார்ட்டிசோல் சுரப்பது அதிகமாகத் தடைபடும். காலையில் போட்டால் அந்தத் தடை குறைவு.

சுகர் இருப்பவர்கள் கவனிக்க!

காலையில் எடுக்கும் பிரெட்னிசோலோன், மதியத்துக்கு மேல் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும், ஏமாந்துவிடுவோம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஸ்டீராய்டு நேரத்தை மாற்றினால் சர்க்கரை ஏறும் நேரமும் மாறும். எனவே, சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லியே நேரத்தை மாற்ற வேண்டும்.

மூக்கு திறக்கும், கண் மூடாது

அடுத்தது சளி மாத்திரை. கடையில் 'சளிக்கு ஒண்ணு குடுங்க' என்று வாங்கும் மாத்திரையில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், மூக்கில் நீர் வடிவதற்கு குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபினைல்எஃப்ரின். சில மாத்திரைகளில் காபியில் இருக்கும் கஃபைனும் சேர்ந்திருக்கும். குளோர்பெனிரமின் தூக்கம் தரும். ஃபினைல்எஃப்ரினும் கஃபைனும் விழிப்பைத் தரலாம். ஒரே மாத்திரைக்குள் இழுபறி. ஒருவர் 'போட்டதும் தூங்கிட்டேன்' என்பதும், இன்னொருவர் 'கண்ணே மூடலை' என்பதும் இதனால்தான்.

மூக்கடைப்பு மருந்துகளில் தூக்கத்தை அதிகம் கெடுப்பது சூடோஎஃபிட்ரின். மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அதே மருந்து, மூளையையும் தட்டி எழுப்புகிறது. இதயத் துடிப்பையும் கூட்டுகிறது. உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 6 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு 60 மில்லி கிராம் எடுத்தால், அதிகாலை 3 மணிக்கும் பாதி மருந்து உள்ளே இருக்கும். எனவே, கடைசி வேளையைப் படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. மாலையில் ஃபில்டர் காபியும் குடித்தால் இரண்டு விளைவும் சேர்ந்துகொள்ளும். உயர் ரத்த அழுத்தம், இதயநோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை எந்த நேரத்திலும் எடுக்கக் கூடாது.

ஃபினைல்எஃப்ரினின் கதையே வேறு. இதை மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. சளி சிரப் குடித்த குழந்தை இரவில் தூங்காமல் துள்ளிக்கொண்டிருந்தால், அது குறும்பு இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

அப்படியானால் இரவில் மூக்கடைத்தால் என்ன செய்வது? முதலில், உப்புநீர் சொட்டு மருந்து. அது போதாவிட்டால், பெரியவர்கள் மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தைப் படுக்கும்போது மூக்கில் விடலாம். அது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஆனால், 5 நாள்களுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால், மருந்து தீரும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். சொட்டு மருந்தை விடவே முடியாமல் போகும்.

மருந்தா, நோயா?

தூங்காததற்கு எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் தூக்கம் போயிருந்து, படுத்ததும் தூக்கமே வராமல் சுறுசுறுப்பாக இருந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். நன்றாகத் தூங்கி, அதிகாலை 3 மணிக்கு இருமலாலோ இழுப்பாலோ எழுந்தால் அது ஆஸ்துமாவே. மருந்து போதவில்லை என்று அர்த்தம். இரண்டு இரவு அடியோடு தூங்காமல், நிறுத்தாமல் பேசுவது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது, இல்லாததைப் பார்ப்பது என்று இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பிரெட்னிசோலோன் தினமும் 40 மில்லி கிராமைத் தாண்டும்போது இப்படி மனம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது.

நீங்களாக மாற்றக் கூடாதவை

ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்திவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், அட்ரீனல் குறைபாட்டுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு வேளை பிரித்துக் கொடுப்பதில் காரணம் இருக்கும். ஆஸ்துமா இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். ஆனால் மிகக் குறைந்த அளவுதான். அதன் இரவு வேளையை விட்டுவிட வேண்டாம்.

அடுத்த முறை மருந்துக் கவரை வாங்கும்போது, இரவுக் கட்டத்தில் கோடு இருந்தால் கடையிலேயே கேளுங்கள்: 'இது தூக்கம் வர்ற மருந்தா, போற மருந்தா? இதை மதியத்துக்கு மாத்தலாமா, டாக்டர்கிட்ட கேட்கணுமா?' பதில் சொல்ல மருந்தாளுநருக்கு அரை நிமிடம் போதும்.