கூலியா, இயந்திரமா? 120 கதவுகளுக்கு ஒரு கணக்கு

மாதம் 120 மரக்கதவுகள் செய்து கொடுக்க ஒரு பட்டறைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தச்சர் ஒருவருக்கு நாள் கூலி 800 ரூபாய். அறுப்பதற்கும் இழைப்பதற்கும் உள்ள இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்ட, மின்சாரம், தேய்மானம், வட்டி எல்லாம் சேர்த்து 200 ரூபாய். கையால் செய்யும் வேலையைக் கூட்டினால் இயந்திர நேரம் குறையும். இயந்திரத்தைக் கூட்டினால் ஆள் குறையும். எந்தக் கலவையில் செலவு மிகக் குறைவு?

இதற்குப் பொருளியலில் ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஆள்நாட்களையும் இயந்திர மணிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கதவுகளின் எண்ணிக்கை வரும் என்று கொள்வோம். அதாவது இரண்டுக்கும் அடுக்கு அரை. ஆள்நாட்களை மட்டும் நூற்றுக்கு ஒன்று கூட்டினால், கதவுகள் நூற்றுக்கு அரைதான் கூடும் என்பதே அதன் பொருள்.

இரண்டும் சமபலம் என்பதால் 120 ஆள்நாள், 120 மணி என்று எடுக்கத் தோன்றும். கதவுகள் சரியாக 120 வரும். செலவு 1,20,000 ரூபாய். இப்போது இன்னும் ஒரே ஒரு கதவு வேண்டுமென்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்த நிலையில் கூடுதலாக ஓர் ஆள்நாள் அரைக் கதவு தரும். கூடுதலாக ஒரு மணி இயந்திரமும் அரைக் கதவுதான் தரும். ஆகவே அந்தக் கதவை ஆள் வழியில் எடுத்தால் 1,600 ரூபாய், இயந்திர வழியில் எடுத்தால் 400 ரூபாய். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்வரை ஆளைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

எங்கே நிறுத்துவது? இரண்டு வழியிலும் கடைசிக் கதவின் விலை ஒன்றாகும் இடத்தில். இங்கே அது 60 ஆள்நாள், 240 மணி. அந்த இடத்தில் ஓர் ஆள்நாள் ஒரு கதவு தருகிறது, விலை 800. ஒரு கதவுக்கு நான்கு மணி இயந்திரம் வேண்டும், அதுவும் 800. மொத்தச் செலவு 96,000 ரூபாய். அதில் பாதி கூலி, பாதி இயந்திரம். சமமாக இருக்க வேண்டியது அளவுகள் அல்ல, ரூபாய்கள். அடுக்குகள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அந்த விகிதத்தில் செலவு பிரியும்.

இதைத் தாண்டியும் இயந்திரத்தைக் கூட்டுபவர்கள் உண்டு. 30 ஆள்நாள், 480 மணி என்று வைத்தால் ஓர் ஆள்நாளுக்கு நான்கு கதவு என்று கணக்கேட்டில் அழகாகத் தெரியும். ஆனால் செலவு மறுபடி 1,20,000 ரூபாய்தான். ஆள் ஒன்றுக்கு எத்தனை என்ற ஒற்றை எண்ணைத் துரத்தும் நிர்வாகிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கொஞ்சம் விலகினால் பெரிய நட்டமில்லை என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. 50 ஆள்நாள், 288 மணி என்றால் 97,600 ரூபாய். 1,600 மட்டுமே கூடுதல். எனவே கடைசி மணி வரை துல்லியம் தேவையில்லை. விலை மாறும்போது பழைய கலவையிலேயே கிடப்பதுதான் மெல்லக் கரைக்கும். கூலி 1,250 ரூபாய் ஆனால் சரியான கலவை 48 ஆள்நாள், 300 மணி, செலவு 1,20,000. பழைய 60, 240 என்றே ஓட்டினால் மாதம் 3,000 ரூபாய் அதிகம்.

இந்த அடுக்குச் சூத்திரத்தைப் பரவலாக்கியவர்கள் கணிதர் சார்லஸ் காப்பும் பொருளியலாளர் பால் டக்ளஸும். 1899 முதல் 1922 வரையிலான அமெரிக்க ஆலை உற்பத்தியை வைத்து, உழைப்புக்கு முக்கால், மூலதனத்துக்குக் கால் என்று 1928இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த அடுக்குகள் ஒரு பட்டறைக்குப் பொருந்துமானால், மூன்று பங்கு கூலி, ஒரு பங்கு இயந்திரம் என்று செலவு பிரியும். ஆனால் ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் கிடைத்த அடுக்கை அப்படியே தன் பட்டறைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பல மாதங்களின் ஆள்நாள், இயந்திர மணி, உற்பத்தி ஆகியவற்றைக் குறித்து வைத்து, அதிலிருந்துதான் தன் அடுக்கைக் கணிக்க வேண்டும்.

பேருந்துக்கு ஓர் ஓட்டுநர் என்பதுபோல் ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாத வேலையில் இந்தச் சூத்திரம் செல்லாது. இயந்திரம் மாதம் 180 மணிக்கு மேல் ஓடாது என்றாலும் சமநிலையை எட்ட முடியாது. அப்போது, கூலி 800 ஆக இருந்த நிலையிலேயே, 80 ஆள்நாள் பிடித்துச் செலவு 1,00,000 ரூபாய் ஆகும். கூடுதலான அந்த 4,000 ரூபாய்க்குள் வெளியில் இன்னும் 60 மணி வாடகைக்குக் கிடைக்குமா என்று பேரம் பேசலாம். மணிக்கு 266 ரூபாய் வரை கொடுத்தாலும் பட்டறைக்கு நட்டமில்லை.