உங்கள் நம்பர் கட்டத்துக்குள் இருக்கிறதா?

தொழில் கண்காட்சிகளில் விசிட்டிங் கார்டு கொடுக்கிற வழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. கார்டைத் தேடிப் பையைத் துழாவுவதற்குப் பதில் போனை நீட்டி, “ஸ்கேன் பண்ணிக்குங்க சார்” என்கிறார்கள். அப்படி நீட்டப்படும் க்யூஆர் கோடுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அவற்றில் இரண்டு வகை உண்டு. எது உங்களிடம் இருக்கிறது என்று தெரியாமல் ஐந்நூறு அட்டையில் அச்சடித்துவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

முதல் வகையில் உங்கள் பெயரும் நம்பரும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்பவரின் போன் அதைப் படித்து, சேமிக்கவா என்று கேட்கும். இன்டர்நெட் தேவையில்லை. இரண்டாம் வகையில் இருப்பது ஓர் இணைய முகவரி மட்டுமே. உங்கள் விவரம் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். கோடு ஆளை அங்கே அனுப்பிவைக்கும். நம்பர் மாறினால் அச்சடித்த கோடை மாற்றாமலே விவரத்தைத் திருத்தலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்றும் பார்க்கலாம். அது உண்மையான வசதிதான். ஆனால் இலவசம் என்று சொல்லிக் கோடு போட்டுத் தரும் தளங்களில் பல இந்த இரண்டாம் வகையைத்தான் தருகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா கட்டாவிட்டால் உங்கள் கோடு எங்கும் போகாது. வாடிக்கையாளர் கையில் இருக்கும் அட்டை அன்றோடு செத்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வேறொரு போனில் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டுக் கேமராவில் ஸ்கேன் செய்து பாருங்கள். பெயரும் நம்பரும் வந்தால் விவரம் உள்ளே இருக்கிறது. ஏதோ ஒரு இணைய முகவரி மட்டும் வந்தால் விவரம் வேறெங்கோ இருக்கிறது. நெரிசலான கண்காட்சி அரங்கில் சிக்னல் திணறும்போது வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

உள்ளே எழுதப்படுவது வி-கார்டு என்கிற வடிவம். எல்லா போன்களின் காண்டாக்ட் புத்தகத்துக்கும் புரிகிற சாதாரண எழுத்துதான் அது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவருக்கு இப்படி இருக்கலாம் (பெயரும் முகவரியும் உதாரணத்துக்கு மட்டும்):

```
BEGIN:VCARD
VERSION:3.0
N:;Kannan;;;
FN:Kannan
ORG:Kannan Knits
TEL:+91XXXXXXXXXX
EMAIL:kannan@example.com
END:VCARD
```

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு வரிகள். FN என்பது திரையில் தெரியும் பெயர். N வரியை விட்டுவிட்டால் சில போன்களில் பெயர் சரியாக ஏறாது. நம்பருக்கு முன்னால் +91 கட்டாயம் வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் ஊருக்குப் போய் அழைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ORG வரியை நான் விடவே மாட்டேன். மாலையில் போனைத் திறந்து பார்ப்பவருக்கு வெறும் ‘கண்ணன்’ என்று இருந்தால் எந்தக் கண்ணன் என்று நினைவு வராது.

மேலே உள்ள அட்டைக்குச் சுமார் 115 பைட் இடம் போகிறது. நடுத்தரப் பிழைதிருத்த அளவில் அது பக்கத்துக்கு 45 சிறு கட்டங்கள் கொண்ட கோடாக வரும். அதையே தமிழில் எழுதினால் என்ன ஆகும்? ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ மெய்க்கும் புள்ளிக்கும் தனித்தனியாக மும்மூன்று பைட். ‘கண்ணன்’ என்ற பெயருக்கு மட்டும் 18. பெயரையும் கம்பெனி பெயரையும் தமிழில் வைத்தால் 53 கட்டம், முழு முகவரியையும் தமிழில் சேர்த்தால் அறுபதைத் தாண்டிவிடும். கட்டங்கள் கூடக் கூட, அதே மூன்று சென்டிமீட்டருக்குள் ஒவ்வொன்றும் பொடிப்பொடியாகும். பழைய போன் கேமரா தடுமாறும். தமிழில் பெயர் இருக்க வேண்டும் என்பது என் ஆசையும்தான். அப்படியானால் பெயரை மட்டும் தமிழில் வைத்து, வீட்டு முகவரி, பேக்ஸ், பட்டம் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். சில ஸ்கேனர்கள் தமிழ் எழுத்தைக் குழப்பிப் புரியாத குறிகளாகக் காட்டுவதும் உண்டு. அதனால் ஓர் ஆண்ட்ராய்டிலும் ஓர் ஐபோனிலும் சோதித்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவானது. தொழிற்சாலை அழுக்கு படிந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதால், ஒரு பகுதி சேதமானாலும் மீட்டெடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. நடுத்தர அளவில் சுமார் 15 சதவீதம். நடுவில் லோகோ வைப்பவர்கள் இந்தக் கையிருப்பைத்தான் செலவழிக்கிறார்கள். அதன்மேல் போன் திரையில் ஒரு கீறலும் விழுந்திருந்தால் ஸ்கேன் ஆகாமல் போகலாம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் விடுவதும் அவசியம். கோடைப் போனின் கறுப்புத் திரையில் ஒட்டி வெட்டி வைத்தால் கேமராவுக்கு எது எல்லை என்று தெரியாது. கேலரியில் வெள்ளை ஓரத்தோடு படமாகச் சேமித்து, காட்டும்போது வெளிச்சத்தைக் கூட்டினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு பெரிய குறை மிஞ்சுகிறது. உங்கள் நம்பர் அவரிடம் போய்விட்டது; அவர் நம்பர் உங்களிடம் இல்லை. காகித அட்டையில் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினோம். வியாபாரத்துக்கு வந்தவருக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. இதற்கு ஸ்டாலில் வைக்க வாட்ஸ்அப் கோடு உதவும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Tiruppur%20Knits
```

நாட்டுக் குறியீட்டோடு நம்பர், + குறி இல்லாமல். ஸ்கேன் செய்தால் உங்களோடு உரையாடல் திறந்து, ‘Tiruppur Knits’ என்ற செய்தி தயாராக நிற்கும். அவர் அனுப்பு பொத்தானை அழுத்திய கணத்தில் அவர் நம்பரும் உங்களுக்கு வந்துவிடுகிறது, எந்தக் கண்காட்சியில், எதற்காக என்ற குறிப்பும் கூடவே வருகிறது. கோடும் 33 கட்டம்தான், தூரத்திலிருந்தே படிக்கும். இந்த முகவரிக்குள் தமிழ் வைக்காதீர்கள். ‘திருப்பூர்’ என்ற ஒரு சொல்லே அங்கே 90 பைட்டாகப் பெருகிவிடும். இதற்கு இன்டர்நெட் வேண்டும் என்பதால், சிக்னல் இல்லாதவருக்குக் காட்ட வி-கார்டு கோடும் போனில் இருக்கட்டும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்க வேண்டாம்; கேமரா எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பொதுவில் ஒட்டிய கோடை யாரும் படமெடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஸ்டாலில் தொழிலுக்கான நம்பரையே வையுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. க்யூஆர் கோடைப் பார்த்ததும் பலரின் கை நேராகப் பணம் அனுப்பும் செயலிக்குத்தான் போகும். அங்கே காண்டாக்ட் கோடு வேலை செய்யாமல் போகலாம். வேறு சிலர், ஸ்கேன் செய்தால் பணம் போய்விடுமோ என்று தயங்குவார்கள். மோசடிச் செய்திகளைப் படித்தவர்களின் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கோடுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘என் போன் நம்பர், போன் கேமராவில் ஸ்கேன் செய்யவும்’ என்று எழுதிவிட்டால் இந்த இரண்டும் தீரும். அதற்கும் கீழே நம்பரை எண்களாகவும் அச்சடியுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவரும் அந்த ஸ்டாலுக்கு வருவார்.