அணி நீக்கத்தின் கூலிக் கணக்கு

கட்டடத்துக்கு அணி வேண்டா என்ற நவீனத்துவக் கொள்கையை ஆராயப் புகுவோர் பலர், அதனை அழகுச்சுவை பற்றிய பூசலாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அக்கொள்கையின் புகழ்பெற்ற உரையான ‘அணியும் குற்றமும்’, பாதிக்குமேல் ஒரு கூலிக் கணக்கு. வியன்னாவின் கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லூஸ் அதில் கூறுவது இது: அணிசெய்த பேழைக்கும் வெற்றுப் பேழைக்கும் ஒரே விலை கொடுத்தால், மிஞ்சும் வேலைநேரம் தொழிலாளிக்கு உரியதாகும். மேலும், அணி காலத்தோடு பழமைப்பட்டுப் போவதால், பொருள் தேயுமுன்னரே மதிப்பிழக்கிறது. இட்ட உழைப்பும் வீணாகிறது.

இவ்வுரையின் ஆண்டை 1908 என்று லூசே பின்னாளில் குறித்தார். நூல்கள் பலவும் அதனையே வழிமொழிகின்றன. ஆயினும் வியன்னாவில் அது அவையில் படிக்கப்பட்டது 1910-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். மிக்கேலர் சதுக்கத்தில் அவர் எழுப்பிய கட்டடத்தைப் பற்றிய கூச்சல் அதற்குப் பின்னரே எழுந்தது. எனவே உரையை அக்கூச்சலுக்கு விடையாகப் படிப்பது பிழை. அது குறிவைத்தது, புதிய அணிவகைகளைப் புனைந்துகொண்டிருந்த அந்நகர் வடிவமைப்பாளர்களையே.

அரண்மனைக்கு எதிரே நிற்கும் அக்கட்டடம் கோல்ட்மன்–சலாட்ச் என்னும் தையல் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. மேல்தளங்களில் வெறும் சுண்ணப் பூச்சு. சன்னல்களுக்குப் புருவமில்லை, சட்டமில்லை. நகராட்சி தடுத்தபோது, சில சன்னல்களின்கீழ் பூப்பெட்டிகள் வைப்பதென்ற உடன்பாட்டால் வழக்குத் தீர்ந்தது. ஆனால் கீழ்த்தளங்களைப் பாருங்கள்: கிரேக்கத்தின் யூபோயா தீவிலிருந்து வந்த பச்சை வரியோடிய பளிங்கு, வாயிலில் பளிங்குத் தூண்கள். கட்டடத்தின் சுமையைத் தாங்குவது வலுவூட்டிய கற்காரைச் சட்டகம், இத்தூண்கள் அன்று. இதனைக் கண்ணாலேயே அறியலாம். தூண்களின் அச்சும் மேலேயுள்ள சன்னல்களின் அச்சும் ஒன்றாத நிலை, மேற்சுமை தூண்வழியே இறங்கவில்லை என்பதைக் காட்டிவிடுகிறது. செதுக்குளி விலக்கப்பட்டது, அதன் இடத்துக்குக் கற்சுரங்கமும் அறுப்புவாளும் வந்தன. கல்லின் வரியோட்டமே கோலமாயிற்று. லூஸ் இதனை அணி என ஏற்கமாட்டார், போர்வை என்பார். போர்த்தியது எது, போர்த்தப்பட்டது எது என்று மயங்காதவரை போர்வை நேர்மையானது என்பது அவர் முன்பே வகுத்த விதி. விதி கூர்மையானதே. ஆனால் சுமை தாங்காத தூண் அவ்விதிக்கு எப்படி அடங்கும் என்பதற்கு நிறைவான விடை எனக்குத் தென்படவில்லை.

கூலிக் கணக்கும் ஓரிடத்தில் பிசகுகிறது. மரபுக் கட்டடத்தில் அணி என்று நாம் பார்ப்பவற்றுட் பல வேலை செய்யும் உறுப்புகள். கதவு நிலையும் சுவர்ப் பூச்சும் சந்திக்கும் இடத்தில் மரம் சுருங்கும், பூச்சு வெடிக்கும். அவ்விடைவெளியை மறைப்பதே நிலையைச் சுற்றியோடும் அலங்காரப் பட்டை. சுவரின் தலையில் துருத்தும் கொடுங்கையும், சன்னலடியில் நீட்டிய கல்லும், அவற்றின் அடிவிளிம்பிற் கீறிய நீர்வடிப் பள்ளமும் மழைநீரைச் சுவரைவிட்டு அப்பால் சொட்டச் செய்கின்றன. இவற்றை எடுத்துவிட்டால் நீர் சன்னல் மூலைகளிலிருந்து சுவர்மீதே வழியும். அழுக்கைச் சுமந்து கீழ்நோக்கிக் கருங்கோடு இழுக்கும். வெண்சுவர் நவீனக் கட்டடங்கள் பல சில மழைக்காலங்களிலேயே இக்கறையைப் பெற்றன. பட்டையில்லாக் கதவுக்கோ, பூச்சும் மரமும் மயிரிழை பிசகாமல் சந்திக்க வேண்டும். அதைச் செய்பவர் தேர்ந்த கைவினைஞர். அவருடைய கூலியும் உயர்ந்தது. ஆகவே உழைப்பு மறையவில்லை. செதுக்கலிலிருந்து துல்லியத்துக்கும், கட்டுமானத்திலிருந்து பராமரிப்புக்கும் இடம்பெயர்ந்தது. தொழிலாளிக்கு மிஞ்சும் என்று லூஸ் சொன்ன நேரம் உண்மையில் யார் கைக்குப் போயிற்று என்பதை, வெறுமையாய் இருப்பதாலேயே விலையேறிய பொருள்களைக் கொண்டு ஆராய்தல் தகும்.

பச்சை குத்திய பாப்புவா மனிதரையும் குற்றவாளியையும் காட்டி உரையில் மாந்தரைப் படிநிலையில் அடுக்கும் பகுதியை வெறும் காலத்தின் கறை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவ்வாறு ஒதுக்கமாட்டேன். அணி வீண்செலவு என்று கூலிக் கணக்கு காட்டலாம். அணியை விரும்புதலே தாழ்நிலை என்று அது காட்டாது. அம்முடிவுக்கு லூசுக்கு அப்படிநிலை தேவைப்பட்டது. அதனை நீக்கினால் ‘குற்றம்’ என்ற தலைப்புச் சொல்லே ஆதாரமிழக்கிறது.

தம் செருப்புத் தைப்பவர் தோலில் இடும் அணிவேலையை அவ்வுரையிலேயே அவர் பொறுத்துக்கொள்கிறார். அவ்வேலையில் அவர் காணும் மகிழ்ச்சிக்கு ஈடாகத் தர வேறொன்றும் தம்மிடம் இல்லை என்பது அவர் கூறும் காரணம். 1924-இல் எழுதிய ‘அணியும் கல்வியும்’ கட்டுரையில், அணியை ஒட்டுமொத்தமாக ஒழிக்கவேண்டும் என்று தாம் ஒருபோதும் கருதவில்லை என்றும், தூய்மைவாதிகள் அதனை எல்லைமீறிக் கொண்டுசென்றனர் என்றும் மறுத்தார். கருத்தரங்கக் கட்டுரை எழுதுவோர் இவ்விரண்டையும் மிக்கேலர் சதுக்கத்துத் தூண்களின் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். வெண்சுவர்க் கோட்பாட்டைக் கறாரான முழுமறுப்பாக்கியதில் லூசைவிட அவருக்குப் பின்வந்தோர் பங்கே பெரிது.