படுத்தால் மூச்சு வாங்குவது ஏன்?

நின்றுகொண்டிருப்பவர் படுத்ததும், கால்களில் தங்கியிருந்த ரத்தத்தில் சில நூறு மில்லி லிட்டர் மார்பை நோக்கித் திரும்புகிறது. நலமான இதயம் அதை உடனே சமாளித்துவிடும். அடுத்தடுத்த துடிப்புகளில், கூடுதலாக வந்த ரத்தத்தையும் சேர்த்து வெளியே தள்ளும். இதற்கு மூளையின் கட்டளைகூடத் தேவையில்லை.

ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் 1895-இல் தவளை இதயத்தில் இந்தப் பண்பை ஆராய்ந்தார். லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கின் குழு 1914-இல் நாயின் இதயத்தில் அதை விரிவாகக் காட்டியது. இதயத் தசைநார் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு வலுவாகச் சுருங்கும் என்பதே அவர்கள் கண்ட விதி.

தசைநாருக்குள் சுருங்கும் அடிப்படை அலகு சார்கோமியர். அதன் நீளம் சுமார் 1.8 மைக்ரோமீட்டரிலிருந்து 2.2 வரை கூடும்போது, அதிலுள்ள புரதங்கள் கால்சியத்துக்கு அதிகமாக இணங்குகின்றன. அதே அளவு கால்சியத்தில் கூடுதல் விசை பிறக்கிறது. ஓய்வில் இடது கீழறை 120 மி.லி. நிரம்பி 70 மி.லி.யை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 140 நிரம்பினால், வெளியேறுவது 85-ஐ நெருங்கும்.

மாரடைப்பில் தசையின் பெரும்பகுதியை இழந்த ஒருவரின் இதயம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அது 200 மி.லி. நிரம்பியும் 50 மி.லி.யை மட்டுமே தள்ளக்கூடும். மேலும் 20 சேர்ந்தால், கூடுதலாக வெளியேறுவது இரண்டு மூன்று மி.லி.தான். மிச்சம் உள்ளேயே தேங்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் நாளங்களுக்குப் பரவுகிறது, 25 மி.மீ. பாதரச அளவை ஒட்டி உயர்ந்தால் காற்றுப் பைகளுக்குள் நீர் கசியத் தொடங்கும். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் தூங்க முடிகிறது என்று நோயாளிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

அதிகம் இழுத்த ரப்பர்போலத் தசை தளர்ந்துவிட்டது என்று பலர் இதை விளக்குவதுண்டு. அது சரியல்ல. டைட்டின் என்ற புரதமும் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் சார்கோமியரை எல்லை மீறி நீளவிடுவதில்லை. அறை பெரிதாவதற்கு முக்கியக் காரணம், செல்களில் புதிய சார்கோமியர்கள் வரிசையாகச் சேர்வது. ஒவ்வொன்றும் ஏற்கெனவே தன் நீள எல்லைக்கு அருகில் இருப்பதால், மேலும் நீண்டு பலன் பெற இடம் குறைவு. செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் பம்பு நலிந்திருப்பதால் துடிப்புக்குக் கிடைக்கும் கால்சியமும் குறைகிறது. அறை அகன்றிருப்பதால், அதே அழுத்தத்தை உண்டாக்கவே சுவர் அதிக இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ரத்த ஓட்டம் குறைவதை உணரும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. இதயம் மேலும் நிரம்புகிறது. ஆனால் வெளியேற்றம் கூடுவதில்லை. ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை உதவுவது இங்கேதான். நிரம்பும் அளவு குறைந்தாலும் வெளியேற்றம் பெரிதாகச் சரிவதில்லை, நுரையீரல் அழுத்தம் மட்டும் நன்றாக இறங்குகிறது. அளவு மீறினால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் பாதிக்கப்படும். நோயாளியைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்வார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், பெரும்பாலும் அது சேர்ந்துவிட்ட நீர். உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.